சம்பளம் உயர்ந்ததும் நிற்குமா?

"ஜூலையில் சம்பளம் 20,000-லிருந்து 22,500 ஆனது. இ.எஸ்.ஐ. காப்பீட்டுப் பிடித்தம் உடனே நின்றுவிடுமா?"

நிற்காது. சம்பள உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய்தான்; ஆனால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரே சந்தா காலம். நடுவில் தாண்டினாலும் செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடரணும், அதுவும் முழு 22,500-க்கு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 169 ரூபாய், நிறுவனம் 3.25 சதவீதம்.

இந்த ஆறு மாதச் சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. பிப்ரவரியில் நோயில் படுத்தால், டிஸ்பென்சரி டாக்டர் சான்றின் பேரில் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், பல கணக்குப் பிரிவுகள் ஜூலையிலேயே நிறுத்திவிடுகின்றன. நோய்க்கால பலன் கிடைக்க, சந்தா காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா பதிவாகியிருக்கணும். மாதம் 26 நாள் என்று போட்டால் ஏப்ரல் முதல் ஜூன் வரை சரியாக 78; ஒரே ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தாலும் தகுதி போச்சு. ஆகஸ்ட் சம்பளச் சீட்டில் பிடித்தம் இல்லையென்றால், அப்போதே எழுத்தில் கேளுங்கள்.