பெருங்காயத்தில் ஒளிந்திருக்கும் கோதுமை

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “எனக்குச் சீலியாக், அதாவது கோதுமையில் உள்ள புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய்; இப்போது கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம். சப்பாத்தி, ரவை விட்டுவிட்டேன். சாம்பார், ரசத்தில் பயமில்லை. குழந்தைக்கும் ஒரு வயது வரை கோதுமை கொடுக்காவிட்டால் இந்த நோய் வராது.”

சகோதரி, முதல் பாதி கிட்டத்தட்டச் சரி. ஆனால் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், கட்டியிலும் உண்டு. தினமும் ஒரு சிட்டிகை என்றாலும் குடல் ஆறாமல் போகலாம். குடல் ஆறாவிட்டால் இரும்பும் ஃபோலேட்டும் உடலில் சரியாகச் சேராது. அரிசி மாவு கலந்ததையே வாங்குங்கள். சாம்பார்ப் பொடியையும் அப்படியே பாருங்கள்.

இரண்டாம் பாதி தவறு. 2014இல் வெளியான இத்தாலிய ஆய்வில், கோதுமையை ஒரு வயது வரை தள்ளிப்போட்ட குழந்தைகளுக்கு நோய் தாமதமாகத்தான் வந்தது; ஐந்து வயதில் எண்ணிக்கை குறையவில்லை. ஆபத்தைப் பெரிதும் தீர்மானிப்பது மரபணு. பெற்றோருக்கு இருந்தால் ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்கு வரலாம். ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதல், நான்கு மாதம் முடிந்து ஒரு வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், முதல் வாரங்களில் அதிகம் வேண்டாம் என்கிறது. எவ்வளவு என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது.