80டிடி: பில் தொகைக்கு ஏற்பக் கழிவு கிடையாது

"மாற்றுத்திறனாளி மகனுக்குப் பில் இருக்கிற செலவுக்கு மட்டும்தான் வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில் கழிவு. வருஷம் முப்பதாயிரம் செலவென்றால் முப்பதாயிரம்தான்."

இல்லை சார், நீங்கள் மேலே எழுதியது தவறு. பராமரிப்புக்குச் செலவு செய்திருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் கழிவு நிலையான தொகை: குறைபாடு 40 சதவீதம் இருந்தால் 75,000 ரூபாய், 80ஐ எட்டினால் 1,25,000. முப்பதாயிரமே செலவானாலும் 75,000 முழுதாகக் கழியும். 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்குச் செஸ்ஸோடு 15,600 ரூபாய் மிச்சம்.

நீங்கள் சொல்லாமல் விட்டதுதான் பலருக்கு அடி: இந்தக் கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். இப்போது புதிய முறை தானாகவே பொருந்தும். ரிட்டர்னில் பழையதைத் தேர்வு செய்யாவிட்டால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கையில் இருந்தும் பலனில்லை. சம்பளக்காரர் கெடு தேதிக்குள் தாக்கல் செய்யும்போதே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 2025-26 நிதியாண்டில் வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் புதிய முறையிலேயே பொதுவாக வரி வராது, இந்தக் கணக்கே வேண்டாம். சான்றிதழில் காலாவதித் தேதியையும் பாருங்கள். அது காலாவதியான நிதியாண்டோடு கழிவும் நின்றுவிடும், அடுத்த ஆண்டுக்குப் புதிதாக வாங்கியாக வேண்டும்.

மாற்றுத்திறனாளித் தங்கைக்கு இந்தக் கழிவு எடுக்கலாமா என்று மேலே கேட்டவருக்கு: உடன்பிறந்தவர்களும் சேர்த்திதான். ஆனால் மாற்றுத்திறனாளி தனக்கே எடுக்கும் 80யூ கழிவை அவர் எடுத்தால் உங்களுக்குக் கிடையாது. அவருக்குச் சின்னச் சம்பளம் வருகிறது என்கிறீர்கள். முக்கியமாக உங்களைச் சார்ந்திருக்க வேண்டும் என்கிறதே ஒழிய, சட்டம் வருமான வரம்பு எதையும் சொல்லவில்லை. எவ்வளவு சம்பளம் வரை சார்ந்தவர் என்பதில் ஆடிட்டர்களே ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள்.