ஐம்பதாயிரம் சம்பளம் கொடுத்தும் சட்டத்தை மீறலாம்

வெள்ளவத்தையில் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு மாதக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். போன வாரம் மேசை லாச்சியிலிருந்து சிஆர் கொப்பியை எடுத்து நீட்டினார். கொத்துப் போடும் தம்பியின் பெயருக்கு எதிரே மாதம் 50,000 ரூபாய் என்று இருந்தது. "ஆகக்குறைந்த சம்பளம் 30,000 தானே? நான் அதற்கு மேலேயே கொடுக்கிறேன்" என்றார், உண்மையான பெருமையோடு.

2026 ஜனவரியிலிருந்து அந்தத் தொகை 30,000 தான். ஆனால் அது சாதாரண வேலை நேரத்துக்கான அடிப்படைச் சம்பளம். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண நேரம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45. சாப்பாட்டு இடைவேளை இதில் சேராது.

அந்தத் தம்பி காலை ஆறு மணிக்கு இடியப்பத்துக்கு மா குழைக்க வருகிறார், இரவு எட்டுக்குப் போகிறார். பகலில் இரண்டு மணித்தியாலம் ஓய்வு. அதைக் கழித்தால் நாளுக்கு 12, ஆறு நாளில் 72. வாரத்தில் 27 மணித்தியாலம் மேலதிக வேலை. சட்டம் அனுமதிப்பதோ வாரத்துக்கு 12 தான். மீதி 15 மணித்தியாலத்தை எவ்வளவு காசு கொடுத்தாலும் சரிப்படுத்த முடியாது.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. 50,000 ரூபாயில் அடிப்படை எவ்வளவு, மேலதிக நேரம் எவ்வளவு என்று எங்கும் எழுதவில்லை. தகராறு வந்தால் முழுத் தொகையும் அடிப்படைச் சம்பளம் என்றே தம்பி வாதிடலாம். மாதத்துக்கு 240 மணித்தியாலம் என்று எடுத்து வகுத்தால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 208 ரூபாய். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்றால் 312.50. ஒரு வாரத்துக்கு 8,437 ரூபாய்க்கு மேல், நான்கு வாரத்துக்கு 33,750. அண்ணன் கல்குலேட்டரை வாங்கித் தானே அழுத்திப் பார்த்தார். பிறகு சிறிது நேரம் பேசவில்லை.

வாராந்த விடுமுறையை நம் கடைகளில் பலர் ஒரு நாள் என்றே நினைக்கிறார்கள். சட்டம் சொல்வது ஒன்றரை நாள். வாரத்தில் மேலதிக நேரம் தவிர 28 மணித்தியாலம் வேலை செய்தவருக்கு அது சம்பளத்தோடு கிடைக்க வேண்டும். ஐந்து நாள் எட்டு மணித்தியாலம், ஆறாம் நாள் ஐந்து: 45 சரியாக வருகிறது. இதற்காகக் கடையை மூட வேண்டியதில்லை. ஒருவருக்குத் திங்களும் செவ்வாய் பாதியும், இன்னொருவருக்குப் புதனும் வியாழன் பாதியும் என்று மாற்றி விடலாம்.

அண்ணன் மாலைக்கு இன்னொருவரை எடுக்கப் போகிறார். தம்பி காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரை, ஒரு மணித்தியால இடைவேளையோடு ஐந்து நாள். ஆறாம் நாள் பதினொரு மணியோடு சரி. மொத்தம் 55, மேலதிகம் பத்து. கொப்பியில் இப்போது வந்த நேரம், போன நேரம், இடைவேளை, மேலதிக நேரம் என்று நான்கு கோடுகள் இழுத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் தம்பி கையெழுத்து வைக்கிறார்.