குறுகிய குழாயில் அழுத்தம் கூடுமா?

“குழாய் குறுகும் இடத்தில் தண்ணீர் நெருக்கப்படுவதால் அங்கே அழுத்தம் கூடும். தேர்வில் இதையே எழுதுங்கள்.” – பகிரப்படும் செய்தி

இது தவறு. படுக்கைவாட்டக் குழாயில், உராய்வு பொருட்படுத்தும் அளவுக்கு இல்லையென்றால், குறுகிய இடத்தில் அழுத்தம் குறையும்.

காரணம் எளிது. ஒரே அளவு தண்ணீர் சிறிய வாய் வழியே போக வேண்டும் என்பதால் அதன் வேகம் கூடுகிறது. வேகம் கூட முன்னோக்கித் தள்ளும் விசை வேண்டும். பின்னால் அழுத்தம் அதிகமாகவும் முன்னால் குறைவாகவும் இருந்தால்தானே அந்த விசை கிடைக்கும்?

கணக்குப் போட்டே பார்ப்போம். விட்டம் 10 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ. ஆனால் பரப்பு கால்வாசியாகிறது. அதனால் வேகம் 0.5 மீ/வி-யிலிருந்து 2 மீ/வி ஆகும். இனி, வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாடு. P₁ அகன்ற இடத்தின் அழுத்தம், P₂ குறுகிய இடத்தின் அழுத்தம், 1000 என்பது கி.கி/மீ³-இல் தண்ணீரின் அடர்த்தி:

P₁ − P₂ = ½ × 1000 × (2² − 0.5²) = 1875 Pa

நடுவில் குறுகிச் செல்லும் வெஞ்சுரிக் குழாயில் இதைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். குறுகிய பகுதியின் மேல் நிற்கும் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் சுமார் 19 செ.மீ. தாழ்ந்திருக்கும். பாய்ம இயக்கவியல் பாடநூல்களிலும் இந்தப் படம் உண்டு.

தோட்டக் குழாயின் வாயை விரலால் மூடும்போது விரலில் உணரும் அழுத்தம்தான் பலரைக் குழப்புகிறது. ஓட்டம் குறைவதால் விரலுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. பீய்ச்சும் நீரிலோ வளிமண்டல அழுத்தம்தான்.

தேர்வு எழுதுபவர்களுக்கு மதிப்பெண் போகும். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி அனுப்ப வேண்டாம்.