0.37-உம் 0.45-உம்: திணைக்களம் பொய் சொல்லவில்லை

போன கிழமை பழைய மாணவர் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரு வட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்த படமாம். வருமானம் வீடுகளுக்கிடையில் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைக் காட்டும் லோரன்ஸ் வளைகோட்டை அழகாக வரைந்து, கீழே கொட்டை எழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "2016-இல் இலங்கையின் கினிக் குணகம் 0.45 என்கிறது திணைக்களம். அவர்களின் தரவையே வைத்துக் கணக்கிட்டால் 0.37தான் வருகிறது." அதற்குக் கீழே, திணைக்களம் பொய் சொல்கிறது என்று வசைகள். கினிக் குணகம் என்பது வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்: எல்லோருக்கும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 1. "சேர், இது உண்மையா?" என்று கேட்டிருந்தார்.

கணக்கு உண்மை. குற்றச்சாட்டு தவறு. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கலாம் என்பதைக் கொஞ்சம் பொறுமையாக எழுத வேண்டும் என்று தோன்றியது. வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே குறைவு. பேசும் கொஞ்சமும் இப்படித் திசை மாறிப் போவது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

முதலில் தரவு. தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் 2016-இல் நடத்திய வீட்டு வருமான செலவின அளவீட்டின்படி, வருமானத்தில் அடிமட்டத்தில் உள்ள 20 சதவீத வீடுகளுக்கு மொத்த வருமானத்தில் கிடைத்தது 4.8 சதவீதம். நடுவில் உள்ள 60 சதவீதத்துக்கு 44.4. உச்சியில் உள்ள 20 சதவீதத்துக்கு 50.8. அந்தப் படம் வரைந்தவர் எடுத்துக்கொண்டது இந்த மூன்று கூறுகளின் எண்களைத்தான்.

இனி அவர் செய்ததை நாமும் செய்து பார்ப்போம். வீடுகளை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தி, வருமானப் பங்குகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 20 சதவீத வீடுகள் வரும்போது 0.048. 80 சதவீதம் வரும்போது, 0.048-உடன் 0.444 சேர்ந்து 0.492. கடைசியில் 1. சுழியிலிருந்து தொடங்கி இந்தப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தால் லோரன்ஸ் வளைகோடு. அதற்குக் கீழே உள்ள பரப்பைச் சரிவகம் சரிவகமாகக் கூட்டி, இரண்டால் பெருக்கி, ஒன்றிலிருந்து கழித்தால் கினி. சரிவகப் பரப்பில் ஏற்கெனவே ஒரு அரை இருப்பதால், அதுவும் இரண்டும் வெட்டுப்பட்டுப் போகும். எனவே ஒவ்வொரு கூறிலும் அகலத்தை இரு ஓரத்து உயரங்களின் கூட்டுத்தொகையால் பெருக்கினால் போதும்:

0.2 × (0 + 0.048) = 0.0096
0.6 × (0.048 + 0.492) = 0.3240
0.2 × (0.492 + 1) = 0.2984

கூட்டினால் 0.632. ஒன்றிலிருந்து கழித்தால் 0.368. ஆக 0.37 சரியாகத்தான் வந்திருக்கிறது.

அப்படியானால் 0.45 எங்கிருந்து வந்தது? திணைக்களத்திடம் இருப்பது மூன்று எண்கள் இல்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் தனித்தனி வருமானம். நாம் புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும் அந்தக் கணமே, வாய் திறக்காமல் ஒரு பெரிய பொய்யைச் சொல்லிவிடுகிறோம்: "இந்தக் கூறுக்குள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் ஒரே வருமானம்." உச்சி 20 சதவீதத்தின் சராசரி மாத வருமானம் ஏறத்தாழ ஒரு இலட்சத்து 58 ஆயிரம் ரூபாய். கணவனும் மனைவியும் அரச உத்தியோகம் பார்க்கும் வீட்டையும் பெரிய ஏற்றுமதி வியாபாரி வீட்டையும் அந்த ஒரே எண்ணுக்குள் போட்டுவிட்டோம். அவர்களுக்கு இடையில் உள்ள தூரம் கணக்கிலேயே இல்லை. உண்மையான வளைகோடு ஒவ்வொரு கூறிலும் அந்த நேர்கோட்டுக்குக் கீழே தொய்ந்துதான் போகும். அதனால் கூறுபடுத்திய தரவை இப்படி நேர்கோட்டால் இணைத்துக் கணக்கிடும் கினி உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும், ஒருபோதும் அதிகமாக வராது.

அடுத்ததுதான் பலரும் கவனிக்காத இடம். இந்த இழப்பு எங்கே அதிகம் என்று கேட்டால், எல்லோரும் உச்சியைத்தான் காட்டுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு கூறுக்குள் தொலைந்துபோகும் அளவு மூன்றின் பெருக்கம்: அந்தக் கூறின் வீட்டுப் பங்கு, அதன் வருமானப் பங்கு, அதற்குள்ளேயே இருக்கும் கினி. உச்சிக்கு முதல் இரண்டின் பெருக்கம் 0.2 × 0.508, அதாவது 0.10. நடுக்கூறுக்கு 0.6 × 0.444, அதாவது 0.27. நடுக்கூறின் எடை இரண்டரை மடங்குக்கும் மேல்! "நடுத்தரம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்ட அந்த 60 சதவீதத்துக்குள்தான் பாதிக்கும் மேல் ஒளிந்திருக்கப் பார்க்கிறது.

ஒரு கற்பனைப் பிரிப்பு செய்து பார்த்தேன் (இவை அளவீட்டு எண்கள் இல்லை, என் உதாரணம்). நடுவில் உள்ள 44.4-ஐ மூன்று சம எண்ணிக்கை வீட்டுக் கூறுகளுக்கு 9.5, 14, 20.9 என்று பிரித்தால் கினி 0.368-இலிருந்து 0.414-க்கு ஏறுகிறது. அதோடு உச்சியின் 50.8-ஐயும் இரண்டாக, 15.8 என்றும் 35 என்றும் பிரித்தால் 0.433. ஒரு வீட்டின் வருமானத்தையும் நான் மாற்றவில்லை, மூட்டைகளை அவிழ்த்தேன், அவ்வளவுதான். 0.45-க்கு அருகில் வந்துவிட்டோம்.

அந்தப் படத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது. எக்செலில் கோட்டை மிருதுவாக்கும் தெரிவைப் போட்டு, நேர்கோடுகளை வளைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு நிஜ லோரன்ஸ் மாதிரி இருந்தது. ஆனால் பரப்பு நேர்கோட்டுக்குரியது. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, எண் சொல்வது வேறொன்று. மூன்று கூறு என்றால் மூன்று நேர்கோட்டையே காட்டுங்கள், உடைந்த கோடாகத் தெரியட்டும். வாசிப்பவருக்கு அதுவே எச்சரிக்கை.

கணக்குச் சரியா என்று பார்க்க நான் வகுப்பில் சொல்லும் வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு துண்டின் சரிவையும் எடுங்கள்: 0.048-ஐ 0.2-ஆல் வகுத்தால் 0.24, அடுத்தது 0.74, கடைசி 2.54. சரிவு என்பது அந்தக் கூறின் சராசரி வருமானம் நாட்டுச் சராசரியின் எத்தனை மடங்கு என்பதுதான். 2016-இன் நாட்டுச் சராசரி 62,237 ரூபாய். அதை 2.54-ஆல் பெருக்கிப் பாருங்கள், மேலே சொன்ன அந்த ஒரு இலட்சத்து 58 ஆயிரம் வந்து நிற்கும். சரிவுகள் ஏறிக்கொண்டே போகவில்லை என்றால் கூறுகளை வரிசை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள், அல்லது வீட்டு வருமானத்தின் பங்கை ஆட்களின் தொகையோடு சேர்த்துவிட்டீர்கள்.

சரி, அப்போ மூன்று கூறுக் கணக்கு வீணா? இல்லை. ஒரே மாதிரிக் கூறுகளோடு இன்னொரு ஆண்டைப் பக்கத்தில் வைத்தால் அதற்குப் பயன் உண்டு. 2019 அளவீட்டில் அடிமட்ட 20 சதவீதத்தின் பங்கு 4.6, உச்சியின் பங்கு 51-க்குச் சற்று மேல். அதே மூன்று கூறுகளில் கணக்கிட்டால் 0.374. திணைக்களத்தின் எண் 0.46. நம் கணக்கில் 0.368-இலிருந்து 0.374, அவர்களுடையதில் 0.45-இலிருந்து 0.46. இரண்டும் மேலேதான் போகின்றன. ஆனால் ஒரு ஆண்டுக்கு நம் எண்ணையும் மற்ற ஆண்டுக்குத் திணைக்கள எண்ணையும் எடுத்து, "ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது" என்று எழுத இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பயம்.

அதனால் கினி எண் ஒன்றைப் பகிரும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை கூறு? பதில் படத்தின் கீழேயே இருக்க வேண்டும். அந்த மாணவரும் குழுவில் அதைத்தான் கேட்டிருக்கிறார். "மூன்று" என்று பதில் வந்ததாம். நான் எழுதிய இந்தக் கணக்கை அப்படியே அங்கே போடச் சொல்லியிருக்கிறேன்.