சிங்கிங் ஃபண்ட் எங்கே போகிறது?

"கடனீட்டுப் பத்திரக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததும் சிங்கிங் ஃபண்ட் தீர்ந்துவிடும்" என்று சிலர் நினைக்கிறார்கள்.

இல்லை. தீர்வது கடனும் முதலீடும்தான். ஃபண்ட் என்பது கடனைத் திருப்புவதற்காக ஆண்டுதோறும் லாபத்திலிருந்து ஒதுக்கிவைத்த தொகை; அந்தத் தொகைக்கு வாங்கிவைப்பதுதான் முதலீடு. பணம் கொடுத்ததால் ஃபண்ட் தீராது.

கடன் 5 லட்சம், ஃபண்டும் 5 லட்சம் என்று வையுங்கள். முதலீட்டின் புத்தக மதிப்பு 4 லட்சம்தான் என்றும் வையுங்கள். கடைசி ஆண்டு ஒதுக்கீட்டுக்கும் வட்டிக்கும் யாரும் முதலீடு வாங்குவதில்லை, அந்த 1 லட்சம் வங்கியிலேயே கிடக்கும். சரி, முதலீடு 3,90,000-க்கு விற்றால்? சிங்கிங் ஃபண்ட் முறையில் 10,000 நஷ்டம் ஃபண்டிலேயே கழியும், மீதி 4,90,000 பொதுக் காப்புக்கு மாறும். பத்திரக்காரர்களுக்குக் குறையும் 10,000-ஐ நிறுவனம் மற்ற வங்கி இருப்பிலிருந்து போட வேண்டும்.

கடனைத் தவணையாகத் திருப்பினால் கணக்கு வேறு.