2 பைசா வித்தியாசம் வாசிப்புப் பிழை அல்ல

“மொத்தத்துல 2 பைசா இடிக்குதுன்னா, மென்பொருள் பில்லைத் தப்பாப் படிச்சிருக்குன்னு அர்த்தம்.”

பில்லைப் படித்து எண்களை எடுக்கும் மென்பொருளைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள். அப்படி இல்லை. தலா 33.30 ரூபாய்க்கு மூன்று பொருள், சிஜிஎஸ்டி 9% என்று வையுங்கள். ஒரு பொருளுக்கு வரி 2.997, முழுமையாக்கினால் 3.00. மூன்றுக்கும் 9.00. அதையே மொத்தம் 99.90-க்குப் போட்டால் 8.991, அதாவது 8.99. 1 பைசா வித்தியாசம். எஸ்ஜிஎஸ்டியிலும் அதே 1 பைசா, ஆக மொத்தம் 2 பைசா. பில் போட்டவர் ஒரு முறையில் கணக்கிட்டிருக்கிறார், நாம் சரிபார்ப்பது இன்னொரு முறையில்.

‘ரவுண்ட் ஆஃப்’ என்பது வேறு. அது முழு ரூபாய்க்கானது, பில்லில் தனியாகவே இருக்கும். பைசாவுக்கு முழுமையாக்கும் ஒவ்வொரு இடத்திலும் அதிகபட்சம் அரை பைசாதான் நகரும். மூன்றே பொருளில் 9 பைசா இடித்தால், அப்போது எண்களைச் சந்தேகப்படுங்கள். தள்ளுபடியைப் பிரித்துப் போட்ட பில்கள் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.